1.5 டிகிரி தாண்டியாச்சா இல்லையா: எந்தச் சராசரியை வச்சு முடிவு பண்றது?

2024ம் வருஷத்துக்கு உலக வானிலை அமைப்பு ஒரே ரிப்போர்ட்ல ரெண்டு எண் கொடுத்திருக்காங்க. அந்த ஒரு வருஷத்தோட உலக சராசரி வெப்பநிலை 1850–1900 காலத்தைவிட 1.55 டிகிரி கூடன்னு ஒண்ணு. நீண்டகால வெப்பமாதல் அந்த வருஷம் 1.34ல இருந்து 1.41 டிகிரிக்குள்ள இருந்துச்சுன்னு இன்னொண்ணு. ரெண்டும் சரிதான். ஆனா முதல் எண்ணைப் படிச்சவங்க "எல்லை தாண்டியாச்சு, இனி பேசி என்ன பிரயோஜனம்"னு கைவிட்டுட்டாங்க, ரெண்டாவதைப் படிச்சவங்க "இன்னும் டைம் இருக்கு"ன்னு நிம்மதியா உக்காந்துட்டாங்க. எனக்கு இந்த ரெண்டு நிலைமையுமே கவலையா இருக்கு. அதனால 1.5ஐ அளக்க இருக்கிற வழிகளைப் பக்கத்துப் பக்கத்துல வச்சு, எது எதுக்கு உதவும், எது எங்க காலை வாரும்னு எழுதலாம்னு தோணுச்சு.

2015 டிசம்பர்ல பாரிஸ்ல ஒத்துக்கிட்ட ஒப்பந்தம் என்ன சொல்லுதுன்னா, உலக சராசரி வெப்பநிலை உயர்வை தொழில்மயத்துக்கு முந்தைய நிலையில இருந்து 2 டிகிரிக்கு நல்லா கீழ வைக்கணும், 1.5 டிகிரிக்குள்ள நிறுத்த முயற்சி பண்ணணும். அவ்வளவுதான். "முந்தைய நிலை"ன்னா எந்த வருஷங்கள், "சராசரி"ன்னா எத்தனை வருஷச் சராசரின்னு ஒப்பந்தத்துல எழுதலை. குழப்பம் எல்லாம் இந்த ரெண்டு காலி இடத்துலதான் பொறக்குது.

முதல்ல பேஸ்லைன், அதாவது எங்க இருந்து எண்ண ஆரம்பிக்கிறோம்ங்கிறது. உலக சராசரின்னா உலகம் பூரா தெர்மாமீட்டர் வச்சு எல்லாத்தையும் கூட்டி வகுத்தா வர்ற எண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா வேலை அப்படி நடக்கிறதில்ல. மலை உச்சியில இருக்கிற நிலையமும் கடலோர நிலையமும் காட்டுற நேரடி வெப்பநிலை ரொம்ப வித்தியாசப்படும், ஒரு நிலையத்தை மூடிட்டா சராசரியே குதிச்சிடும். அதனால ஒவ்வொரு இடத்துலயும் அந்த இடத்தோட வழக்கமான அளவுல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு மட்டும் எடுத்து, அந்த விலகல்களைத்தான் பரப்பளவுக்கு ஏத்தமாதிரி சராசரி பண்றாங்க. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மலையும் சமவெளியும் வேற வேற வெப்பநிலை காட்டினாலும், ஒரு மாசம் வழக்கத்தைவிட சூடா இருந்துச்சுன்னா ரெண்டுலயும் விலகல் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும். அதுதான் இந்த முறையோட பலம்.

சீசன் விஷயமும் இதுக்குள்ளதான் வரும். வட கோளத்துல நிலம் அதிகம்ங்கிறதால ஜூலை மாச உலக சராசரி ஜனவரியைவிட கிட்டத்தட்ட 4 டிகிரி கூட இருக்கும், அது வருஷா வருஷம் நடக்கிற சாதாரண ஏத்த இறக்கம். அதனால ஜூலையை ஜூலையோடதான் ஒப்பிடுவாங்க. "காலைக்கும் மத்தியானத்துக்குமே 10 டிகிரி மாறுது, 1.5 என்ன பெரிசு"ன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இங்கதான் இருக்கு. பகல் ராத்திரி, கோடை குளிர் எல்லாம் சராசரியில ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டு போயிடும், அதெல்லாம் போனபிறகும் மிச்சம் நிக்கிறதுதான் இந்த 1.5. கடைசி பனியுகத்தோட உச்சத்துலயே உலக சராசரி 1850–1900ஐவிட 5ல இருந்து 7 டிகிரிதான் கம்மி, அதுக்கே கண்டங்கள் மேல கிலோமீட்டர் கணக்குல பனி நின்னுச்சு. இந்த ஸ்கேல்ல வச்சுப் பாத்தாத்தான் ஒன்றரையோட எடை தெரியும்.

பேஸ்லைனை மாத்தினா எண் எப்படி மாறுதுன்னு ஒரு நிஜக் கணக்குல பாக்கலாம். ஐரோப்பாவோட கோப்பர்நிக்கஸ் சேவை கணக்குப்படி 2024ல உலக சராசரி 15.10 டிகிரி. அது 1991–2020 சராசரியைவிட 0.72 டிகிரி கூட. 1991–2020 காலமே 1850–1900ஐவிட 0.88 டிகிரி கூட. ரெண்டையும் கூட்டினா 1.60. ஒரே வருஷம், ஒரே அளவீடு, ஆனா ஒரு தலைப்புல 0.72னு வரும், இன்னொண்ணுல 1.60னு வரும். நான் ஒரு எண்ணைப் பாத்தா முதல்ல தேடுறது இந்த பேஸ்லைனைத்தான், அது இல்லாத எண்ணை 1.5 பக்கத்துல வைக்கவே மாட்டேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 1850–1900ங்கிறது உண்மையான தொழில்மயத்துக்கு முந்தைய காலம் கிடையாது, அதுக்கு முன்னாடியே நிலக்கரி எரிய ஆரம்பிச்சாச்சு. ஓரளவு உலகம் பூரா அளவீடு கிடைக்கிற முதல் காலம்ங்கிறதாலதான் ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அதை எடுத்துக்கிட்டாங்க. அப்பவும் கடல்ல கப்பல்கள் வாளியில தண்ணி மொண்டு எடுத்த அளவுகள், ஆளே போகாத துருவப் பகுதிகள்னு ஓட்டைகள் நிறைய. அந்த ஓட்டைகளை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமா அடைக்கிறாங்க. அதனாலதான் 2024க்கு அமெரிக்காவோட நோவா 1.46னு சொல்லுது, நாசா 1.47, பிரிட்டன் தரப்பு 1.53, கோப்பர்நிக்கஸ் 1.60, பெர்க்லி எர்த் 1.62. 2024ஐ அளக்கிறதுல சண்டை ரொம்ப கம்மி, வித்தியாசம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பத்தினது. உலக வானிலை அமைப்பு ஆறு டேட்டாசெட்டைச் சேர்த்து 1.55னும், 0.13 கூடவோ குறையவோ இருக்கலாம்னும் சொல்றதுக்குக் காரணம் இதுதான். ஒரு டேட்டாசெட் தாண்டலைன்னு காட்டும்போது இன்னொண்ணு தாண்டியாச்சுன்னு காட்டுறது பொய்யோ புரட்டோ இல்ல.

சரி, இப்போ ரெண்டாவது காலி இடம், எத்தனை வருஷச் சராசரி. இதுல என்னென்ன வழி இருக்குன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

ஒரே வருஷத்தை எடுத்துக்கிறது ரொம்ப சுலபம். ஜனவரி வந்ததும் எண் ரெடி, எல்லாருக்கும் புரியும், கணக்குல அனுமானம்னு பெருசா எதுவும் இல்ல. ஆனா ஒரு வருஷத்துக்குள்ள மனுஷன் பண்ணின சூடு மட்டும் இருக்காது. பசிபிக் கடல்ல எல் நினோ வந்தா கடலுக்குள்ள கிடந்த வெப்பம் மேல வந்து உலக சராசரி ஒரு டிகிரில பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு ஏறும், லா நினா வந்தா அதே மாதிரி இறங்கும். 2023–24ல எல் நினோ இருந்துச்சு. எதிர்ப்பக்கமும் உண்டு, 1991 ஜூன்ல பினடூபோ எரிமலை வெடிச்சப்போ கந்தகத் துகள்கள் மேல் வளிமண்டலத்துல பரவி வெயிலைத் திருப்பி அனுப்பி உலகத்தை சுமார் அரை டிகிரி குளிர வச்சுச்சு, ரெண்டு வருஷத்துல அந்தத் துகள்கள் உதிர்ந்ததும் சூடு பழையபடி ஏறிடுச்சு. அந்த ரெண்டு வருஷத்துல புவி வெப்பமாதல் நின்னுபோச்சா? இல்ல. அப்போ ஒரு எல் நினோ வருஷத்துல 1.5ஐத் தொட்டதையும் எல்லையைத் தாண்டியாச்சுன்னு எடுத்துக்க முடியாது.

கடல் ஏறிட்டே இருக்கிற நேரத்துல கரைப் பாறையைப் பாத்தா இது புரியும். ஒரு பெரிய அலை வந்து பாறை உச்சியை நனைச்சதும் நீர்மட்டம் உச்சிக்கு வந்துடுச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா மட்டம் ரொம்ப கீழ கிடந்தா எவ்வளவு பெரிய அலையும் உச்சியைத் தொடாது. இந்த ரெண்டாவது பாதியை நிறைய பேர் விட்டுடறாங்க. 2025 பிப்ரவரில நேச்சர் க்ளைமேட் சேஞ்ச் இதழ்ல வந்த ஒரு ஆய்வு இதைத்தான் பழைய பதிவுகளையும் மாடல்களையும் வச்சுப் பாத்துச்சு. 0.6, 0.7, 0.8னு முன்னாடி தாண்டின ஒவ்வொரு படியிலயும் முதல் தடவையா ஒரு வருஷம் அந்தப் படிக்கு மேல போனப்போ, அந்த வருஷம் சராசரியே அந்த அளவுக்கு வந்து சேர்ற 20 வருஷக் காலத்துக்குள்ளதான் இருந்திருக்கு. அதாவது ஒரு வருஷம் மேல போறது தீர்ப்பு இல்ல, ஆனா தீர்ப்பு வரப்போற காலத்துக்குள்ள நாம காலை வச்சாச்சுங்கிறதுக்கு வலுவான அடையாளம். 2024ஐ "வெறும் எல் நினோ"ன்னு ஒதுக்கித் தள்றவங்க இதுக்கு என்ன பதில் சொல்வாங்கன்னு தெரியணும்.

அடுத்த வழி 20 வருஷச் சராசரி. ஐபிசிசி 2021ல வந்த ஆறாவது மதிப்பீட்டுல இதைத்தான் வச்சுக்கிட்டாங்க. எந்த 20 வருஷத்தோட சராசரி முதல்ல 1.5ஐத் தாண்டுதோ அந்தக் காலத்தோட நடு வருஷத்துல தாண்டினதா கணக்கு. எல் நினோ, லா நினா எல்லாம் 20 வருஷத்துல பலமுறை வந்து போயிடும்ங்கிறதால மிச்சம் நிக்கிறது நிஜமான மாற்றம்தான். ஆபத்தைப் பத்தி ஐபிசிசி குடுக்கிற அட்டவணைகளும் இந்த மாதிரி நீண்டகால அளவை வச்சுத்தான் போட்டிருக்கு. பழைய காலத்துல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்த கடுமையான வெப்ப நாள், 1.5 டிகிரி உலகத்துல நிலப்பரப்புல சராசரியா நாலு தடவைக்கு மேல வரும், 2 டிகிரி உலகத்துல அஞ்சரை தடவைக்கு மேல வரும்னு சொல்ற அட்டவணையில "1.5 உலகம்"னா வருஷக்கணக்கா அங்கயே நிக்கிற உலகம். ஒரு வருஷம் 1.55 ஆனதும் அந்த வரியைத் தூக்கி வச்சு "இதான் 1.5ஓட விளைவு, பெருசா ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்றது ரொம்ப தப்பான வாசிப்பு, இந்த மாதிரி தப்பான வாசிப்பு இன்னும் பரவுமோன்னுதான் எனக்கு பயம். கடல், பனி, பவளப்பாறை இதெல்லாம் அந்தச் சூட்டுல பல வருஷம் கிடந்தாத்தான் முழு விளைவைக் காட்டும்.

20 வருஷச் சராசரியோட குறை அதோட தாமதம்தான், அது சின்னக் குறை இல்ல. கணக்கு போட்டே காட்டறேன். 2024ல மனுஷனால ஆன வெப்பமாதல் 1.36 டிகிரி, பத்து வருஷத்துக்கு 0.27 டிகிரி வேகத்துல ஏறுதுன்னு விஞ்ஞானிகள் குழு ஒண்ணு வருஷா வருஷம் வெளியிடற காலநிலைக் குறியீட்டு அறிக்கை சொல்லுது. அதே வேகத்துல நேர்கோடா போகும்னு வச்சுக்குங்க. 2019ல இருந்து 2038 வரைக்கும் எடுத்தா சராசரி 1.48தான் வரும், தாண்டலை. 2020ல இருந்து 2039 வரைக்கும் எடுத்தா 1.51, தாண்டியாச்சு. அதோட நடுப்பகுதி 2029–30. அதாவது நாம 1.5ஐத் தாண்டினது 2030 வாக்குல, ஆனா அதை உறுதியா சொல்ல 2039 முடியணும், அறிவிப்பு வர்றப்போ 2040 ஆயிருக்கும். அந்த நேரத்துல நிஜ அளவு எங்க நிக்கும் தெரியுமா? அதே கோட்டுல 2039க்கு 1.76 டிகிரி. "1.5 தாண்டிட்டோம்"னு அறிவிக்கிற அன்னைக்கு 1.75ஐ விட்டே வெளிய வந்திருப்போம். இப்பவே பின்னாடி பாக்கிற 20 வருஷச் சராசரியை எடுத்தா 2005–2024க்கு சுமார் 1.1 டிகிரிதான் காட்டும், அதைப் பிடிச்சுக்கிட்டு "1.5க்கு இன்னும் ரொம்ப தூரம்"னு ஒருத்தர் வாதம் பண்ணலாம், எண்ணுல தப்பு சொல்ல முடியாது, ஆனா அவர் பேசறது 2014–15 உலகத்தைப் பத்தி.

இந்தத் தாமதத்தை வெட்ட ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மனுஷனால வந்த பங்கை மட்டும் பிரிச்சு எடுக்கிறது. கரியமில வாயு, மீத்தேன், புகைத் துகள், சூரியன், எரிமலை இதெல்லாம் பூமியோட ஆற்றல் கணக்குல எவ்வளவு தள்ளு கொடுத்துச்சுன்னு வருஷாவருஷம் கணக்கு வச்சு, அளந்த வெப்பநிலையோட பொருத்திப் பாத்து, இயற்கையோட ஆட்டத்தைக் கழிச்சுடுவாங்க. மேல சொன்ன 1.36 அப்படி வந்ததுதான். அதே அறிக்கையில 2024ல அளந்த உயர்வு 1.52, அதுல 1.36 மனுஷனோடது, மிச்சம் பெரும்பாலும் எல் நினோ மாதிரி ஆட்டம். எவ்வளவு இன்னும் எரிக்கலாம்ங்கிற கார்பன் பட்ஜெட் கணக்குக்கும் இந்த எண்தான் சரியான தொடக்கம், ஏன்னா நம்ம புகை ஏத்தின சூட்டைத்தான் நம்மால குறைக்கவோ நிறுத்தவோ முடியும். 1.5க்குள்ள நிக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு வேணும்னா 2025 தொடக்கத்துல மிச்சம் இருந்தது சுமார் 130 ஜிகாடன் கரியமில வாயு, இப்போ வருஷத்துக்கு நாம வெளிய விடறது 40 ஜிகாடன் சொச்சம், அப்போ மூணு வருஷம்னு கணக்கு வருது. 1.55ஐ இந்தக் கணக்குக்குள்ள போட்டா பட்ஜெட் எப்பவோ முடிஞ்சதா வரும், 1.1ஐ போட்டா தாராளமா இருக்கிறதா வரும், ரெண்டுமே தப்பு.

இதோட பலவீனம் என்னன்னா எண் ஒரு மாடலுக்குள்ள இருந்து வருது, நேரா அளந்தது இல்ல. 1.36னு சொன்னாலும் 1.1ல இருந்து 1.7 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்க. அதுக்குப் பெரிய காரணம் புகைத் துகள். எரிபொருள்ல இருந்து வர்ற கந்தகத் துகள் வெயிலைத் தடுத்து கொஞ்சம் குளிர வைக்குது, அதை எவ்வளவுன்னு அளக்கிறது கஷ்டம். 2020 ஜனவரில இருந்து கப்பல் எரிபொருள்ல கந்தகம் 3.5 சதவீதத்துல இருந்து 0.5 சதவீதத்துக்குக் குறையணும்னு விதி வந்துச்சு, காத்துக்கு நல்லது, ஆனா மறைஞ்சிருந்த சூடு கொஞ்சம் வெளிய வருது. 2023–24ல ஏறினதுல இதுக்கு எவ்வளவு பங்கு, எல் நினோவுக்கு எவ்வளவு பங்குன்னு இன்னும் வாக்குவாதம் நடக்குது. பங்கைப் பிரிக்கிறது மாறினா எண்ணும் மாறும்.

இன்னொரு வழி, பின்னாடி 10 வருஷம் அளந்ததையும் முன்னாடி 10 வருஷம் முன்கணிப்பையும் சேர்த்து 20 வருஷச் சராசரி போடறது. பிரிட்டன் வானிலை அலுவலக விஞ்ஞானிகள் 2023ல முன்வச்சது இது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வழியும் இதுதான், ஏன்னா ஐபிசிசியோட 20 வருஷ அர்த்தத்தை மாத்தாம, நடு வருஷத்தை இன்னைக்குக் கொண்டுவந்து வைக்குது. அளந்த பாதி உறுதியானது, முன்கணிப்புப் பாதியில தப்பு வந்தாலும் அடுத்த 10 வருஷத்துல சூடு எவ்வளவு ஏறும்ங்கிறது பெரும்பாலும் ஏற்கனவே நடந்துட்டிருக்கிறதோட தொடர்ச்சி, அதனால சராசரி ரொம்ப சறுக்காது. பினடூபோ மாதிரி ஒரு எரிமலை வெடிச்சா முன்கணிப்பு பாழாகும், அதை யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது. உலக வானிலை அமைப்பு சொன்ன 1.34–1.41ங்கிறது இந்த மாதிரி சில முறைகளைச் சேர்த்து வந்த எண்தான்.

அப்போ யாருக்கு எது? "இப்போ நாம எங்க நிக்கிறோம்"னு யாராவது கேட்டா, எழுதறவங்களுக்கும் பாடம் எடுக்கறவங்களுக்கும் கொள்கை போடறவங்களுக்கும் நான் சொல்றது இந்த நீண்டகால எண்ணை, சுமார் 1.4 டிகிரி, பக்கத்துலயே வேகத்தையும் போடுங்க, பத்து வருஷத்துக்கு கால் டிகிரிக்கு மேல. வேகம் இல்லாம 1.4ஐ மட்டும் போட்டா அது நிம்மதியா தெரியும். உலகம் 1.5ஐத் தாண்டிச்சா இல்லையான்னு முறையா தீர்ப்பு சொல்ல 20 வருஷச் சராசரி வேணும், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது, ஆனா தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருந்து செயல்படறதுன்னா அதுல அர்த்தமே இல்ல. ஒரு வருஷ எண்ணை எச்சரிக்கையா வச்சுக்கலாம். ஒரு நாள் எண்ணை எதுக்குமே வச்சுக்க வேண்டாம், 2023 நவம்பர் 17ம் தேதி உலக சராசரி முதல் தடவையா 2 டிகிரிக்கு மேல போச்சு, அதுக்காக 2 டிகிரி எல்லை உடைஞ்சுதுன்னு யாரும் சொல்லலை.

எந்தக் காலச் சராசரியை எடுத்தாலும் இடத்தோட சராசரியும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்குங்கிறதை மறந்துடக் கூடாது. 2011–2020க்கு உலக சராசரி உயர்வு 1.09 டிகிரி, ஆனா நிலத்துல மட்டும் 1.59, கடல்ல 0.88. மனுஷங்க வாழற நிலம் 1.5ஐ அப்பவே தாண்டியாச்சு. ஆனா பாரிஸ் எண் உலகம் பூராவுக்குமான எண். நிலத்தோட 1.59ஐ எடுத்து உலகத்தோட 1.5 பக்கத்துல வச்சுப் பேசினா ரெண்டு வேற விஷயத்தைக் கலக்கிறோம்.

கடைசியா ஒரு விஷயம், இதை இப்பவே பேசி வச்சுக்கணும்னு நான் நினைக்கிறதுக்கு முக்கியக் காரணமும் அதுதான். 1.5ஐத் தாண்டிட்டு, காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து எடுத்து திரும்பக் கீழ வரலாம்னு நிறைய திட்டங்கள் சொல்லுது. அப்படி ஒரு நிலைமையில நீண்டகால அளவு 1.6ல நிக்கும்போது பெரிய எரிமலை ஒண்ணு வெடிச்சா ஒண்ணு ரெண்டு வருஷம் 1.5க்குக் கீழ வந்துடும். மேல போனதுக்கு 20 வருஷ அளவு, கீழ வந்ததுக்கு ஒரு வருஷ அளவுன்னு யாராவது ஆரம்பிச்சா அன்னைக்கு தடுக்க எதுவும் கையில இருக்காது. மேல போறதுக்கும் கீழ வர்றதுக்கும் ஒரே அளவுகோல்தான்னு எழுத்துல வைக்க வேண்டியது, எந்தப் பக்கத்துக்கும் அதுல லாபம் இல்லாத இந்த நேரத்துலதான்.